வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதா, வைப்பிலிடுவதா?

கொடிகாமம் சந்தையில் தேங்காய் விலை ஏறிய பருவத்திலோ, கட்டிவந்த சீட்டு கைக்கு வந்த மாதத்திலோ, வெளிநாட்டிலுள்ள உறவினர் பணம் அனுப்பிய வேளையிலோ சில இலட்சம் ரூபா சேரும்போது, வீட்டுக் கடன் உள்ள குடும்பத்தில் எழும் முதற் கேள்வி அதை வங்கிக் கடனில் செலுத்துவதா, நிலையான வைப்பில் இடுவதா என்பதாகும். இதற்கான விடை பெரும்பாலும் கடன் ஒப்பந்தத்தின் வட்டிப் பிரிவில் இருக்கிறது. ஆனால் வீட்டின் உறுதியையும் வரைபடத்தையும் பத்திரப்படுத்துவோர் பலரும் அந்தப் பிரிவை வாசிப்பதில்லை.

வட்டி இருவகைப்படும். குறித்த காலம் வரை மாறாதது நிலையான வட்டி. சந்தை நிலைமைக்கேற்ப மாறுவது மிதக்கும் வட்டி. பின்னையது பெரும்பாலும் ‘சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம்’ என்பதோடு, அதாவது வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளருக்கு வழங்கும் கடன்களின் சராசரி வட்டியோடு, பிணைக்கப்பட்டிருக்கும். 2021 முடிவில் 9 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த இவ்வீதம், இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதன் பின்னர் அவ்வாண்டின் முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியது. அதே காலத்தில் அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கு மேலும் வருவாய் தந்தது. ஆகவே 9 அல்லது 10 சதவீத நிலையான வட்டியில் கடன் பெற்றிருந்தவர் அவ்வேளை கடனை அடைக்காது உண்டியல் வாங்கியிருந்தால் மிகுந்த இலாபம் கண்டிருப்பார்; மிதக்கும் வட்டிக்காரருக்கோ, உதாரணமாக 30 இலட்சம் நிலுவைக்கு 28 சதவீதம் என்றால், மாத வட்டி மட்டுமே 70,000 ரூபா ஆகியிருக்கும்.

அந்த விதிவிலக்கான காலம் நீங்கிவிட்டது. 2025இல் திறைசேரி உண்டியலின் வருவாய் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. இந்நிலையில் கணக்கு எப்படி மாறுகிறது என்பதைக் காண, கொடிகாமத்தில் தென்னங்காணியின் ஓரத்தில் வீடு கட்டிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நிலுவை 30 இலட்சம், வட்டி 12 சதவீதம், எஞ்சிய காலம் பத்து ஆண்டு, மாதத் தவணை ஏறத்தாழ 43,040 ரூபா, கையிலுள்ள சேமிப்பு 8 இலட்சம். இத்தவணையில் முதல் மாதம் 30,000 ரூபா வட்டிக்கே போய்விட, நிலுவையில் கழிவது 13,040 ரூபா மட்டுமே.

இக்குடும்பம் 5 இலட்சத்தைக் கடனில் செலுத்தினால் முதல் ஆண்டில் மிச்சமாகும் வட்டி 60,000 ரூபா. அதே தொகையை 8 சதவீத வைப்பில் இட்டால் கிடைப்பது 40,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாக நிறுத்திவைக்கப்படுவதால் கையில் வருவது 36,000 ரூபா. வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர் உரிய பிரகடனத்தை வங்கியிடம் கொடுத்து இக்கழிவைத் தவிர்க்கலாம். அப்போதும் வைப்பு பின்தங்கியே நிற்கும். முன்கூட்டிச் செலுத்துவதற்கு வங்கி 3 சதவீதக் கட்டணம் அறவிட்டால் 15,000 ரூபா போகும். 24,000 ரூபா வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் அது எட்டு மாதத்துக்குள் மீண்டுவிடும். கடன் முடிய ஓராண்டே இருப்பவருக்கோ நிலுவை மாதந்தோறும் விரைந்து குறைவதால் அக்கட்டணம் இலாபத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

எஞ்சிய 3 இலட்சத்தையும் கடனில் போடுவது தவறு. ஆறு மாதத் தவணையை ஈடுசெய்யும் அத்தொகை எந்நேரமும் எடுக்கக்கூடிய வைப்பில் இருக்க வேண்டும். கடனில் செலுத்திய பணத்தை மருத்துவச் செலவு வந்த நாளில் வங்கியிடம் திரும்பக் கேட்க முடியாது, நகையை அடகுவைத்து அதைவிட அதிக வட்டி கட்ட நேரிடும்.

இவற்றைவிடக் கவனத்துக்குரியது செலுத்தும் முறையாகும். எழுத்தில் எதுவும் சொல்லாமல் 5 இலட்சத்தைக் கட்டிவிட்டால், வங்கி அதை வருங்காலத் தவணைகளுக்கான முற்பணமாகப் பதிவுசெய்துவிடக்கூடும்; அப்போது நிலுவை உடனே குறையாது, வட்டியும் குறையாது. ஆகவே தொகை முழுவதையும் நிலுவையில் கழிக்குமாறும், தவணையை மாற்றாமல் காலத்தைச் சுருக்குமாறும் கடிதம் கொடுக்க வேண்டும். இவ்விதம் செய்தால் மேற்சொன்ன கடன் 120 மாதத்துக்குப் பதிலாக 88 மாதத்தில் முடியும். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் ஏறத்தாழ 7,170 ரூபா இலகுவாகும், ஆனால் மொத்த வட்டி மிச்சம் சிறிதாகிவிடும். அடுத்த மாதக் கணக்குக்கூற்றில் வட்டிப் பகுதி 30,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபா அளவுக்கு இறங்கியிருந்தால் பணம் நிலுவையில் கழிக்கப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம். இறங்காதிருந்தால் கடிதத்தின் பிரதியோடு கிளை முகாமையாளரை அம்மாதமே சந்திக்க வேண்டும்.