எரிந்து அணையும் விளக்குகள்

புது காரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ABS, ஏர்பேக், எஞ்சின் படம் எல்லாம் ஒரேயடியாக எரியும். பதற வேண்டாம். விளக்குகள் வேலை செய்கிறதா என்று வண்டி தானே பார்த்துக்கொள்கிறது. முதல் இரண்டும் சில விநாடிகளில் அணையும். எஞ்சின் விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். உண்மையில், எரியவே எரியாத விளக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அணையாமல் நின்றால்? ABS மட்டும் என்றால் வழக்கமான பிரேக் பிடிக்கும். ஆனால் மழைச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள், ஓட்டாதீர்கள்.

ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால் வண்டி வழக்கம்போல ஓடும். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். விபத்தில் பை விரியாமல் போகலாம். முன்சீட்டுக்கு அடியில் செல்லும் ஒயர் இணைப்பு, சீட்டை நகர்த்தும்போது தளர்வதும் ஒரு காரணம். நீங்களே பிடுங்கிப் பார்க்காதீர்கள், சர்வீஸில் காட்டுங்கள்.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டி, சீக்கிரம் சர்வீஸுக்குக் கொண்டுபோகலாம். பெட்ரோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னி, வண்டியும் குலுங்கினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதைச் சூடேற்றிக் கெடுக்கும். மாற்றினால் செலவு கனமாக வரும். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள்.