அதிகாரப் பிரிவினை: 36 நிமிடங்களில் எழுதும் விடை
(கல்விக் கழகத்தின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



அதிகாரப் பிரிவினை பற்றி நம் இளைஞர்கள் எழுதும் விடைகளை நாம் படிக்குங்கால் அவை பெரும்பாலும் இரு வகையாகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். ஒரு வகையில் மாண்டெஸ்கியூவும் அண்ணல் அம்பேத்கரும் பக்கம் பக்கமாகப் பேசப்படுகின்றனர். ஒரு தீர்ப்பேனும் இல்லை. மற்றொரு வகையில் பத்து வழக்குகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவை எதனை மெய்ப்பிக்க வந்தன என்பது தெரியவில்லை. முன்னதைச் சொற்பொழிவு என்றும் பின்னதைப் பட்டியல் என்றும் தேர்வாளர் ஒதுக்கிவிடுகிறார். வீட்டில் வழக்குரைஞர் இருக்கும் மாணவன் இவ்விரண்டையும் இணைக்கும் முறையைப் பேச்சோடு பேச்சாகக் கற்றுவிடுகிறான். நம் வீடுகளில் அவ்வாய்ப்பு அரிது. ஆகவே அந்த முறையை இன்று ஒரே வினாவை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து காண்போம்.

வினா இதுவென்று கொள்வோம்: "இந்திய அரசியலமைப்புச் சட்டம் அதிகாரப் பிரிவினையைக் கண்டிப்பான வடிவில் ஏற்கவில்லை, ஆயினும் அதன் சாரத்தைக் கைவிடவுமில்லை. ஆராய்க." மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை வினாக்கள் என்றால் ஒன்றிற்கு 36 நிமிடங்கள் கிடைக்கும். அவற்றுள் முதல் 5 நிமிடங்கள் திட்டமிடுவதற்கு. 27 நிமிடங்கள் எழுதுவதற்கு. இறுதி 4 நிமிடங்கள் படித்துத் திருத்துவதற்கு. எழுதும் 27 நிமிடங்களில் முன்னுரைக்கு 3, கோட்பாட்டு வாதத்திற்கு 6, மூன்று வழக்குகளுக்கு ஒவ்வொன்றிற்கும் 5, முடிவுரைக்கு 3 என்று பகிர்ந்துகொள்வோம். மூன்று வழக்குகள் போதும். நான்காவதற்கு இடம் கொடுத்தால் முதல் மூன்றும் பெயரளவாகச் சுருங்கிவிடும்.

திட்டமிடும் 5 நிமிடங்களில் செய்ய வேண்டிய முதல் வேலை, வினாவிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்குவதாகும். "கண்டிப்பான வடிவு" எது, "சாரம்" எது என்று பிரித்துச் சொல்லாமல் எழுதத் தொடங்கினால், எந்த வழக்கை எங்கே வைப்பது என்பது விளங்காது. இங்கேதான் அறிஞர்களின் கருத்து நமக்குப் பயன்படுகிறது. மாண்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட நூலில் மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேர்ந்தால் உரிமை அழியும் என்றார். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1788-இல் மேடிசன் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு விளக்கம் தந்தது: ஒரு துறை மற்றொன்றின் பணியில் ஓரளவு பங்கு கொள்வதை மாண்டெஸ்கியூ தடுக்கவில்லை, ஒரு துறையின் முழு அதிகாரமும் மற்றொரு துறையின் முழு அதிகாரத்தை உடையவர் கையில் சேர்வதையே தடுத்தார் என்றார் மேடிசன். இதுவே நம் அளவுகோல். ஓரளவு கலப்பது குற்றமன்று. ஒரு துறையின் உயிர்ப்பணியை மற்றொன்று பறித்துக்கொள்வதே குற்றம்.

அடுத்து, இந்தியா எதனைத் தேர்ந்துகொண்டது என்பதைக் காட்டுதல் வேண்டும். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே. டி. ஷா, மூன்று துறைகளும் முழுமையாகப் பிரிந்திருத்தல் வேண்டும் என்று ஒரு திருத்தம் கொணர்ந்தார். நிர்வாகத்துறையினின்று நீதித்துறை பிரிந்திருப்பதில் தமக்கு மாறுபாடு இல்லை என்றார் அண்ணல் அம்பேத்கர். ஆனால் அமைச்சர்கள் மன்றத்தில் அமர்ந்து உறுப்பினர்களுக்கு வழிகாட்டாமல் சட்டமியற்றும் பணி நடைபெறுவது கடினம் என்று கூறி, அமெரிக்க முறையை அவர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. அண்ணலின் பெயரைப் புகழுரையாக எழுதினால் ஒரு மதிப்பெண்ணும் வராது. இந்த விவாதத்தில் அவர் எடுத்த நிலையை இரண்டு வாக்கியங்களில் எழுதினால், வினாவின் முதற்பாதிக்கு அதுவே சான்றாகும். பலர் 50-ஆம் பிரிவைக் காட்டி, அரசியலமைப்பு மூன்று துறைகளையும் பிரித்துவிட்டது என்று எழுதுகின்றனர். அது பிழை. அப்பிரிவு நிர்வாகத்தினின்று நீதித்துறையைப் பிரிப்பதை மட்டுமே சொல்கிறது. அதுவும் நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்ற இயலாத வழிகாட்டு நெறியாகச் சொல்கிறது.

இனி வழக்குகளுக்கு வருவோம். ஒவ்வொரு வழக்கிற்கும் நான்கு அடிகள் உண்டு: நாம் மெய்ப்பிக்க விரும்பும் கூற்று, அதற்கு வேண்டிய அளவே நிகழ்ச்சி, நீதிமன்றம் முடிவு செய்தது, அம்முடிவு எதுவரை செல்லும் என்பது. கூற்று எப்போதும் முதலில் நிற்றல் வேண்டும்.

முதல் வழக்கு, ராம் ஜவாயா கபூர் எதிர் பஞ்சாப் அரசு, 1955. பள்ளிப் பாடநூல்களை அச்சிட்டு விற்கும் வேலையைப் பஞ்சாப் அரசு தனிச் சட்டமின்றி நிர்வாக ஆணையால் தானே மேற்கொண்டது. பதிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். மாணவர் பலர் இதனை எழுதும் முறை இது: "ராம் ஜவாயா கபூர் வழக்கில் அதிகாரப் பிரிவினை பற்றிப் பேசப்பட்டது. இது மிக முக்கியமான வழக்கு." இதில் ஒன்றும் இல்லை. அதே வழக்கை இவ்வாறு எழுதிப் பார்ப்போம்:

"நம் அமைப்பில் துறைகளின் எல்லைக்கோடு நெகிழ்ச்சி உடையது. சட்டமன்றம் முன்கூட்டியே சட்டம் இயற்றாத பொருளிலும் நிர்வாகம் செயலாற்றலாமா என்ற கேள்வி, பாடநூல் வெளியீட்டை அரசு தானே ஏற்றதிலிருந்து ராம் ஜவாயா கபூர் வழக்கில் (1955) எழுந்தது. அதிகாரப் பிரிவினை இங்குக் கண்டிப்பான வடிவில் ஏற்கப்படவில்லை, எனினும் துறைகளின் பணிகள் போதிய அளவு வேறுபடுத்தப்பட்டுள்ளன என்று கூறி, நீதிமன்றம் அரசின் செயலை ஏற்றது. ஆனால் பதிப்பாளர்களின் அடிப்படை உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்பதும் அம்முடிவுக்குக் காரணம். ஆகையால் ஒருவரது உரிமையைப் பறிக்கவும் சட்டம் தேவையில்லை என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை."

இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். தீர்ப்பின் எல்லையைச் சொல்லும் அவ்வாக்கியமே, எழுதியவர் வழக்கைப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்று. ஐந்து நிமிடங்களில் இவ்வைந்து வாக்கியங்களையும் தெளிவாக எழுதிவிடலாம்.

இரண்டாம் வழக்கு, இந்திரா நேரு காந்தி எதிர் ராஜ் நாராயண், 1975. முதல் வழக்கு வினாவின் முற்பாதிக்கு, இது பிற்பாதிக்கு. பிரதமரின் தேர்தல் செல்லாது என்று 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 39-ஆம் திருத்தத்தின் வாயிலாக 329-ஏ பிரிவைச் சேர்த்து, அதன் நான்காம் உட்பிரிவால் அத்தேர்தல் செல்லும் என்று நாடாளுமன்றமே அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அவ்வுட்பிரிவைச் செல்லாததாக்கியது. நெருக்கடி நிலையின் வரலாற்றை விரித்தெழுத இங்கே கை துடிக்கும். அதற்கு இடம் கொடுத்தால் 5 நிமிடங்கள் கதையிலேயே கரைந்துவிடும்.

இவ்வழக்கில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. நீதிபதிகள் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை என்பது முதலாவது. கன்னா நேர்மையான தேர்தலை அடிப்படையாகக் கொண்டார். சந்திரசூட் அதிகாரப் பிரிவினையை ஒருவரையொருவர் எல்லை கடவாமல் காக்கும் நெறியாக விளக்கினார். சமத்துவத்தையும் சட்டத்தின் ஆட்சியையும் சேர்த்தே காரணமாக்கினார். ஆகவே "அதிகாரப் பிரிவினை ஒன்றனாலேயே முழு அமர்வும் ரத்துச் செய்தது" என்று எழுதலாகாது. இரண்டாவது நுட்பம், பிரதமரின் தேர்தல் இறுதியில் நிலைத்தது என்பதாகும். தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியிருந்ததை நீதிமன்றம் ஏற்றது. சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்தின் பணி. ஒரு வழக்கைத் தானே தீர்ப்பது அதன் பணியன்று. மேடிசனின் அளவுகோல் இங்கே ஒரே வழக்கில் இரு பக்கமும் பொருந்துகிறது. இதனை எழுதுகின்ற இடத்தில் கோட்பாடும் தீர்ப்பும் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் வழக்கு நம் மண்ணைச் சார்ந்தது: முல்லைப் பெரியாறு அணை பற்றிய தமிழ்நாடு எதிர் கேரளம், 2014. நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, 136 அடியே உச்ச அளவு என்றாக்கியது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2014 மே 7-இல் அத்திருத்தத்தை முல்லைப் பெரியாறு அணையைப் பொறுத்தவரை செல்லாதென்றது. அணையின் பாதுகாப்பு பற்றிய உண்மையை நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு கட்டியபின், அம்முடிவை ஒரு சட்டத்தால் அழிப்பது நீதித்துறையின் பணியில் புகுவதாகும் என்பதே காரணம். தனிப்பிரிவாக எழுதப்படாவிடினும் அதிகாரப் பிரிவினை நம் அரசியலமைப்பில் ஊன்றிய நெறி என்பதற்கு இத்தீர்ப்பு நேர்ச்சான்று. இதனைத் தண்ணீர்ப் பூசலாக எழுதாமல், தீர்ப்பின் அடிப்படையை மாற்றுவதற்கும் தீர்ப்பையே அழிப்பதற்கும் உள்ள வேறுபாடாக எழுதுங்கள். முந்தைய வழக்கோடு தானே இணைந்துகொள்ளும்.

முடிவுரையில் ஓர் எதிர்வாதத்திற்கு இடம் தருதல் வேண்டும். எல்லைக்கோட்டை வரைவது நீதிமன்றமே என்றால், நீதிமன்றத்தின் எல்லையை யார் வரைவது? நீதிபதிகள் நியமன ஆணையத்திற்கான 99-ஆம் திருத்தத்தை 2015-இல் நான்கு நீதிபதிகள் செல்லாதென்றபோது, செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். அம்மாறுபட்ட தீர்ப்பை ஒரு வாக்கியத்தில் சுட்டி, "சாரம் காக்கப்பட்டது, ஆயினும் காவலரைப் பற்றிய கேள்வி தீரவில்லை" என்று முடிப்பது, வினாவிற்கு ஆம் என்றோ இல்லை என்றோ வெறுமனே சொல்வதினும் மேலானது.

தேர்வறையில் வழக்கின் பெயரோ ஆண்டோ நினைவுக்கு வராவிட்டால் புனைந்து எழுதாதீர்கள். "பாடநூல் வெளியீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம்" என்று நிகழ்ச்சியைக் கொண்டு சுட்டினால் தேர்வாளர் அறிந்துகொள்வார். தவறான ஆண்டோ தன்மேல் ஐயத்தைக் கொண்டுவரும்.

இறுதி 4 நிமிடங்களில் இரண்டு சோதனைகள் செய்யலாம். வழக்குப் பெயர்களை விரலால் மறைத்துவிட்டுப் பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ஒரு வாதம் தொடர்ந்து வராவிட்டால் எழுதியது பட்டியல். பின்னர் ஒவ்வொரு கூற்றின் அருகிலும் "இதனை யார் முடிவு செய்தார்?" என்று கேளுங்கள், ஒரு பக்கம் முழுதும் விடையின்றிச் சென்றால் எழுதியது சொற்பொழிவு. எக்குறை தென்படுகிறதோ, அவ்விடத்தில் ஒரு வாக்கியம் சேர்க்க அந்த 4 நிமிடங்கள் போதும். அடுத்த ஞாயிறு வகுப்பில் இவ்வினாவையே கடிகாரம் வைத்து எழுதுவோம். எழுதியபின் தாள்களை மாற்றிக்கொண்டு இச்சோதனைகளைச் செய்வோம்.