சுவரொட்டி யாரிடம் பேசுகிறது?

(குடியிருப்போர் நலச் சங்கத் தன்னார்வலர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

நீங்க எழுதி வச்சிருக்கிற முதல் வாசகம் இது: "பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்காதே." சட்டத்தில் இருப்பதுதான். பள்ளி மதிலிலிருந்து எல்லாப் பக்கமும் 100 கெஜம், அதாவது 300 அடிக்குள், சிகரெட் உட்பட எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இது.

ஆனா இதைப் படிக்கிற கடைக்காரர், "அப்போ 301-ஆவது அடியில குட்கா விக்கலாமா?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? குட்கா, பான் மசாலா, புகையிலை கலந்த மெல்லும் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுக்கவே தடை. 2013-இல் வந்த ஆணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதனால மெல்லும் புகையிலைக்கான சுவரொட்டியில் தூரக் கணக்கே வேண்டாம்.

உங்க தெருவில் பள்ளிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்குன்னு வச்சுக்குவோம். அங்கே மூணு பேரிடம் பேசணும். அதுக்கு மூணு சுவரொட்டி வேணும்.

கடைக்காரருக்கு:
"பொட்டலம் சிறுசு, வாங்குற கை அதைவிடச் சிறுசு.
இந்தக் கடையில் விற்பதில்லை."
இதைக் கேட்காம ஒட்டாதீங்க. பேசி, அவர் கையாலேயே ஒட்டச் சொல்லுங்க. சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைச் சின்ன எழுத்தில் கீழே போடுங்க.

மாணவருக்கு:
"'ஒண்ணு வச்சுப் பாரு'ன்னு தொடங்கும்.
'எனக்கு வேணாம்'னு அங்கேயே முடி."
பதிமூணு வயசுப் பையனுக்குப் புற்றுநோய் ரொம்பத் தூரத்து விஷயம். நண்பன் நீட்டுற கைதான் அவனுக்குப் பக்கத்துல இருக்கு. இதை மதிலின் உச்சியில் ஒட்டாம, அவன் கண் உயரத்தில் ஒட்டுங்க.

பெற்றோருக்கு:
"பைக்குள்ள புத்தகம் பார்த்தீங்க.
வாய்க்குள்ள புண் இருக்கான்னு பார்த்தீங்களா?"
இதன் கீழே மூணு அறிகுறி: காரம் பட்டால் எரிச்சல், ஆறாத புண் அல்லது வெள்ளைத் திட்டு, வாயை முழுசாத் திறக்க முடியாமை. ஒண்ணு தெரிஞ்சாலும் அடிக்காம, திட்டாம, அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போகணும். பழக்கத்தை விட உதவும் இலவச எண்: 1800-11-2356.

மூணிலுமே பொட்டலத்தின் படம் வேண்டாம். பளபளக்கிற உறையை அச்சடிச்சா, இதுவரை பார்க்காத பிள்ளைக்கும் நாமே அதை அறிமுகப்படுத்தின மாதிரி ஆயிடும்.

ஒட்டிய பிறகு, பள்ளி விடும் நேரத்தில் கடைப் பக்கம் கவனிங்க. வாசலில் கிழிஞ்ச உறைகள் குறையலைன்னா விற்பனை நிற்கலைன்னு அர்த்தம். கடை இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்க. படம் எடுத்தா கடையை மட்டும் எடுங்க. பிள்ளையின் முகம் அதில் வரவே கூடாது.