சம்பளக் கடிதத்தில் மூன்று வரிகள்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தானா ராத்தாவிலிருந்தும் ரிங்லெட்டிலிருந்தும் இந்தக் குளிரில் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம். இன்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறோம். அது நிர்வாகம் கொடுக்கும் சம்பள மாற்றக் கடிதம்.

கடிதம் வருகிறது. கிராணி மேசையில் வைத்து, "சம்பளம் ஏறிவிட்டது, இங்கே கையெழுத்துப் போடு" என்கிறார். ஏறிவிட்டது என்ற சொல் காதில் விழுந்ததும் நாமும் போட்டுவிடுகிறோம். எவ்வளவு ஏறியது, எந்தத் தேதியிலிருந்து, எதனால் என்று பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் உயிரே இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. புதிய சம்பளம் ஒரு வரி, அமலுக்கு வரும் தேதி ஒரு வரி, காரணம் ஒரு வரி.

நாம் எடுத்துக்கொள்ளும் சம்பள உயர்வு 2025-ஆம் ஆண்டு வந்தது. 2024 அக்டோபர் 18-ந் தேதி வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த பிரதமர் அன்வார் இப்ராஹிம், குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயரும் என்று அறிவித்தார். அதன்படி 2024-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள உத்தரவு வெளியாயிற்று. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களில் ஆகஸ்டு 1 முதலும் அது அமலுக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இது உண்டு. நம் பக்கத்து வரிசையில் கொழுந்து வெட்டும் வங்காளதேசத்துத் தோழருக்கும் நேப்பாளத்துத் தோழருக்கும் நமக்கும் ஒரே அளவுதான்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். எந்தத் தோட்டத்தையும் சொல்லாமல், விளக்கத்துக்காக ஒரு கடிதத்தை நாமே எழுதிப் பார்ப்போம்:

"1-4-2025 முதல் தங்கள் மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக மாற்றி அமைக்கப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் 1,500. வருகைப் படி 100. சிறப்புப் படி 100. நிர்வாகம் தங்கள் நலனில் கொண்ட அக்கறையால் இவ்வுயர்வு அளிக்கப்படுகிறது."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வரியிலும் மூன்று குறை இருக்கிறது.

முதல் வரி சம்பளம். 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் என்று சொல்வது அடிப்படைச் சம்பளத்தை. படிகளைக் கூட்டிக் காட்டி 1,700 ஆக்குவது அந்தச் சட்டத்துக்கு ஒத்து வராது. ஹோட்டல் தொழிலாளர்களுக்கு இதே தகராறு வந்தது. வாடிக்கையாளர் தரும் சேவைக் கட்டணத்தில் வரும் பங்கைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிக் காட்ட முதலாளி முயன்றார். அவர்கள் சங்கம் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று வழக்காடியது. அப்படி நிரப்பக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று.

படியோ அடிப்படையோ, கைக்கு வருவது 1,700 தானே என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, வருகைப் படி என்பது ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் போய்விடும் படி. சிறப்புப் படி நிர்வாகம் நினைத்தால் நிறுத்தக்கூடிய படி. அடிப்படைச் சம்பளம் அப்படியல்ல. அடுத்த உயர்வையும் அடிப்படையில்தான் கணக்கிடுவார்கள். அடிக்கல்லைப் போடாமல் கூரையை மட்டும் உயர்த்திக் காட்டினால், முதல் காற்றுக்கே கூரை பறந்துவிடும்.

இதைச் சம்பளச் சீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மிகுதிநேர வேலைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 1,700-க்கு அது 65 வெள்ளி 38 காசு. வாரத்துக்கு 45 மணி நேர வேலையை ஆறு நாளில் சமமாகப் பிரித்தால் நாளைக்கு ஏழரை மணி. அதன்படி ஒரு மணிக்கு 8 வெள்ளி 72 காசு. சாதாரண நாளில் மிகுதிநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13 வெள்ளி 8 காசு. பழைய 1,500-ஐ வைத்துக் கணக்கிட்டால் 11 வெள்ளி 54 காசுதான் வரும். உங்கள் சீட்டில் இன்னமும் 11.54 என்று இருந்தால், கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் கணக்குப் புத்தகத்தில் உங்கள் சம்பளம் 1,500-இலேயே நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

சேமநிதியையும் பாருங்கள். 1,700-க்கு முதலாளியின் பங்கு 221 வெள்ளி, மலேசியத் தொழிலாளியின் பங்கு 187 வெள்ளி. முன்பு 1,500-க்கு 195-ம் 165-ம் இருந்தன. ஆகவே 200 வெள்ளி ஏறியும் முழு 200 கைக்கு வரவில்லையே என்று யாரும் திகைக்க வேண்டாம். அதில் 22 வெள்ளி உங்கள் பெயரிலேயே சேர்கிறது. சொக்சோவுக்கும் சிறிது போகும்.

நிறுவைக்குக் கூலி வாங்கும் தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கிலோ கணக்கில் சம்பளம் என்றாலும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக் கூடாது என்பதே உத்தரவு. கிலோவுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து மெலிந்த மாதத்தில் ஒரு தாய் எல்லா வேலை நாளும் வந்து 4,600 கிலோ எடுக்கிறார். கூலி 1,380 வெள்ளி. மீதி 320 வெள்ளியை நிர்வாகம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் துளிர் நன்றாக வருகிறது. 6,000 கிலோ, 1,800 வெள்ளி. "போன மாதம் கொடுத்த 320-ஐக் கழித்துக்கொண்டு 1,480 தருகிறோம்" என்றால் ஒப்ப வேண்டாம். அந்த 320 கடனும் அல்ல, முன்பணமும் அல்ல. அந்த மாதத்து நியாயமான சம்பளம் அது. ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கு.

இதில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சம்பளமில்லாத விடுப்பு எடுத்த நாட்களுக்குச் சம்பளம் குறையும். மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து, சம்பளம் பெறத் தகுந்த நாட்களால் பெருக்குவார்கள். அதைக் குறை கூற இடமில்லை. ஆனால் நிர்வாகம் வேலை கொடுக்காத நாளையும் நாம் வராத நாளாக எழுதுகிறார்களா என்று பிரட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வரி தேதி. இதில் நம்மவர்களுக்கே ஒரு குழப்பம் உண்டு. "பிப்ரவரி முதல் என்றார்களே, பிப்ரவரி 7-ந் தேதி வாங்கிய சம்பளத்தில் ஏறவில்லையே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அன்று வாங்கியது ஜனவரி வேலைக்கான சம்பளம். மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். பிப்ரவரி வேலைக்கான புதிய சம்பளம் மார்ச் 7-க்குள் வந்திருக்க வேண்டும். உயர்வு எந்த நாளில் செய்த வேலைக்கு என்று கேளுங்கள். சம்பளம் வாங்கும் நாளைக் கொண்டு கணக்குப் பார்க்காதீர்கள்.

நாம் எழுதிய கடிதத்தில் தேதி ஏப்ரல் 1 என்று இருந்தது. ஐந்து பேருக்கு மேல் உள்ள தோட்டத்துக்கு இது செல்லாது. கடிதம் தாமதமாக வரலாம், உரிமை தாமதமாகாது. பிப்ரவரியும் மார்ச்சும் மாதத்துக்கு 200 வீதம் 400 வெள்ளி நிலுவை. அதற்குரிய சேமநிதியும் நிலுவை. இதைக் கவனியாமல் கையெழுத்திட்டால் பிற்பாடு, "அன்றே ஒப்புக்கொண்டாயே" என்ற பேச்சு வரும். அப்படி ஒப்புக்கொண்டிருந்தாலும் சட்டம் வகுத்த அளவுக்குக் குறைந்த நிபந்தனை செல்லாது. ஆனால் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுப்பானேன்? கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது வரி காரணம். "அக்கறையால் அளிக்கப்படுகிறது" என்று எழுதினால் நமக்கென்ன நஷ்டம் என்று தோன்றும். நம் பெரியவர்கள் பட்டதை நினைத்துப் பாருங்கள். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 ஆயிற்று. பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 ஆயிற்று. விலையைக் காரணம் காட்டி ஏறிய கூலி, விலையையே காரணம் காட்டி இறங்கியது. மனமுவந்து கொடுத்தோம் என்று எழுதியதை, மனம் மாறியது என்று எடுத்துவிடலாம். "2024-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள உத்தரவின்படி" என்று எழுதிய சம்பளத்தை அந்த அளவுக்குக் கீழே யாரும் இறக்க முடியாது. தேயிலை விலை விழுந்தாலும் முடியாது. ஆகவே காரணத்தை உள்ளபடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

தோழர்களே, சட்டம் செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் உழைத்து 1,640 வெள்ளிக்கு வந்த ஒரு தோழரை எடுத்துக்கொள்வோம். நேற்று வந்தவருக்கு 1,500. பிப்ரவரி 1 அன்று இருவருக்கும் 1,700. புதியவருக்கு 200 ஏறியது, பழையவருக்கு 60. பன்னிரண்டு வருஷத்து வித்தியாசம் ஒரே நாளில் மறைந்துபோயிற்று. புதியவர் மேல் வருத்தப்படுவதில் பொருளில்லை. அவருக்குக் கிடைத்தது நியாயம். ஆனால் பழைய வித்தியாசத்தைத் திருப்பித் தரச் சட்டம் கட்டளையிடவில்லை. அது கூட்டு ஒப்பந்தத்தில் பேசிப் பெற வேண்டியது. குறைந்தபட்சத்தைச் சட்டம் தரும். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு காசும் சங்கம் பேசித்தான் வரும்.

எனவே கடிதத்தையும், பிப்ரவரி முதலான சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசித்துச் சொல்கிறோம். குறை இருந்தால் முதலில் நிர்வாகத்துக்கு எழுதுவோம். திருத்தாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்வோம். குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. நிலுவையையும் கேட்டு வாங்கலாம். ஒருவர் போய்க் கேட்டால் கிராணியின் தவறு என்பார்கள். ஒரு டிவிஷன் முழுவதும் சீட்டுகளை ஒன்றாக வைத்தால், அது தவறா, திட்டமா என்பது தானே தெரிந்துவிடும்.

இன்றிரவே லயத்துக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள். மூன்று வரியையும் விரல் வைத்துப் படியுங்கள்.