எடை பார்க்காதவருக்கு ‘எடை குறைவு’

நம் வளாக மருத்துவ முகாமில் எடுத்த அளவுகளை எக்செல்லில் ஏற்றியது நான்தான். B-யில் உயரம் (செ.மீ.), C-யில் எடை, D-யில் பி.எம்.ஐ.:

```
=C2/(B2/100)^2
```

இது 18.5-க்குக் கீழே என்றால் ‘குறைவு’, 25-க்குக் கீழே ‘சரி’, மற்றதெல்லாம் ‘அதிகம்’ என்று E-யில் எழுதினேன். பார்த்தால், என்னைவிடப் பருமனான நம் நண்பர் ஒருவருக்கு ‘குறைவு’! அன்று அவர் எடை மெஷினில் ஏறவே இல்லை. காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது, பூஜ்யம் 18.5-க்குக் கீழேதானே! அதனால் இப்படி மாற்றினேன்:

```
=IF(COUNT(B2:C2)<2,"விவரம் இல்லை",
IF(D2<18.5,"குறைவு",IF(D2<25,"சரி","அதிகம்")))
```

உயரம், எடை இரண்டும் எண்ணாக இருந்தால்தான் இனி வகை வரும்.

இன்னொன்று. என் உயரம் 165 செ.மீ., எடை 65 கிலோ; பி.எம்.ஐ. 23.9. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி ‘சரி’. ஆனால் இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 23-லிருந்தே அதிகம் என்று நம் மருத்துவர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். சூத்திரத்தில் 25-ஐ 23 ஆக்கினேன். நானே ‘அதிகம்’ பக்கம் போய்விட்டேன்! அவரவர் வரியை மட்டும் தனித்தாளில் தருகிறேன். சங்க அறையில் வாங்கிக்கொள்ளுங்கள்.