கருக்கலைப்புக் குளிசைகள்: நாள் கணக்கும் இரத்தக் கணக்கும்

(நூற்றாண்டை ஒட்டிக் கரவெட்டியில் நடைபெற்ற பெண்கள் சுகாதாரக் கூட்டத்தில், மருத்துவத்துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சிலர் இணைந்து ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பைச் செயற்குழுவிடம் நாங்களே கேட்டு வாங்கினோம். எங்களில் சிலர் இங்கே வடமராட்சியில் வேலை செய்கிறோம். சிலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருக்கிறோம். வெளியில் இருப்பவர்களுக்கு இரவில் வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ஒரு குளிசை போட்டனான், இரத்தம் நிக்குதில்லை." அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்திருப்பதற்காகவே இந்த உரை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பு அனுமதிக்கப்படுகிறது. தானே செய்துகொள்ளும் பெண்ணும் குற்றவாளியாகக் கருதப்படுவாள். 1995இலும் 2017இலும் இதைத் தளர்த்த எடுத்த முயற்சிகள் சட்டமாகவில்லை. ஆகவே லண்டனில் தாதி ஒருவர் விளக்கத்துடன் கொடுத்தனுப்பும் அதே குளிசையை, இங்கே ஒரு பெண் யாரோ ஒருவரிடம் மறைவாக வாங்குகிறாள். மருந்து ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சுற்றியிருக்க வேண்டிய கேள்விகளும் சோதனையும் அவளுக்குக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பொதியில் அனுப்பி உதவலாம் என்று எண்ணும் சகோதரிகள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அனுப்புபவருக்கும் வாங்குபவருக்கும் அது ஆபத்து.

குளிசைகள் இரண்டு. முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். கருவைத் தாங்கி நிற்கும் புரொஜெஸ்தரோன் என்ற ஓர்மோனின் வேலையை அது தடுக்கிறது; கருப்பையின் உட்சுவரில் கருவின் பிடி தளர்கிறது. 200 மில்லிகிராம் குளிசை ஒன்றை விழுங்கினால் போதும். இரண்டாவது மிசோப்ரொஸ்டோல். வயிற்றுப்புண்ணுக்கென வந்த மருந்து. கருப்பையைச் சுருங்கச் செய்யும். முதலாவதை எடுத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் 800 மைக்ரோகிராம், அதாவது 200 வீதம் நான்கு குளிசைகள், கன்னத்துக்குள்ளோ நாக்கின் கீழோ யோனிக்குள்ளோ வைக்கப்படும். முதலாவது குளிசைக்குப் பின் பலருக்கு ஒன்றுமே நடக்காது. வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. பெரிய இரத்தப்போக்கு இரண்டாவதுக்குப் பிறகுதான்.

அடுத்தது நாள் கணக்கு. அதிகம் பிழை நடக்கும் இடம் இதுதான். எங்கள் ஊரில் கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறா" என்று சொல்வோம். அழகான சொல், ஆனால் அந்தச் சொல்லின் வழக்கத்தில், கடைசியாக முழுகிய நாளிலிருந்து எண்ணினால் நான்கைந்து நாள் குறைந்துவிடும். மருத்துவம் எண்ணுவது கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து. நாள் தள்ளிப்போன அன்றிலிருந்தும் அல்ல, கணவன் லீவில் வந்துபோன நாளிலிருந்தும் அல்ல. இந்தியாவில் 2021 விதிகளின்படி குளிசை முறைக்கு எல்லை ஒன்பது வாரம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மருந்துக்குரிய அனுமதி 63 நாள் வரை. இங்கிலாந்தில் வீட்டில் எடுப்பதற்கு ஒன்பது வாரமும் ஆறு நாளும். உலக சுகாதார நிறுவனம் இந்த அளவு மருந்துக்குப் பன்னிரண்டு வாரம் வரை இடம் கொடுக்கிறது. அதற்கு மேற்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து, வேறு அளவில், கண்காணிப்புடன்தான். வாரம் கூடக்கூட வலியும் இரத்தமும் கூடும், முழுமையாக வெளியேறாமல் போகும் வாய்ப்பும் கூடும். எல்லை வகுத்ததற்குக் காரணம் அதுவே.

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒருவருடைய கதையல்ல, விளக்குவதற்காக நாங்கள் ஆக்கியது. லண்டனில் இருக்கும் ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளின் தாய். ஏப்ரல் 28இல் சோதித்துப் பார்த்துக் கருவுற்றிருப்பதை அறிகிறாள். கடைசியாக இரத்தம் கண்டது மார்ச் 31. ஆகவே நான்கு வாரம் என்று சொல்கிறாள். தொலைபேசியில் பேசிய தாதி ஒரு கேள்வி கேட்கிறார்: "அது வழமையான அளவா?" இல்லை, இரண்டு நாள், கறை மாதிரி மட்டும். அதற்கு முந்தியது மார்ச் 3, அது வழமைபோல ஐந்து நாள். கரு பதியும் காலத்தில் சிலருக்குச் சிறிது இரத்தம் கசியும்; அதை மாதவிடாய் என்று நினைப்பது மிகச் சாதாரணம். மார்ச் 3இலிருந்து எண்ணினால் 56 நாள், சரியாக எட்டு வாரம். ஸ்கானும் அதையே காட்டியது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பதையும் காட்டியது.

ஸ்கான் எல்லோருக்கும் கட்டாயமல்ல. நாள் தெளிவாகத் தெரிந்து, வலியோ இரத்தமோ இல்லாவிட்டால் அது இல்லாமலும் கொடுப்பார்கள். ஆனால் கேள்விகள் கட்டாயம். கருப்பைக்குள் லூப் இருக்கிறதா, நெடுநாளாக ஸ்ரெரோயிட் எடுக்கிறாளா, இரத்தம் உறையாத நோயோ அதற்கான மருந்தோ உண்டா, முன்பு குழாயில் கரு தங்கியதா என்றெல்லாம் கேட்ட பிறகே மருந்து கைக்கு வரும்.

அவள் ஏப்ரல் 30 காலை ஒன்பது மணிக்கு முதல் குளிசையை விழுங்கினாள். மே 2 காலை, பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டு, கணவனை வீட்டில் நிற்கச் செய்து, ஐபுப்ரோஃபென் எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கு நான்கு குளிசைகளையும் வைத்தாள். ஒன்பதரைக்குக் குளிரும் நடுக்கமும், இரண்டு தரம் வயிற்றோட்டமும். பத்து மணிக்கு இரத்தம் தொடங்கியது. பதினொரு மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இரண்டு பெரிய நப்கின் முழுதாக நனைந்தன. எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி வெளியேறியது. கணவன் பயந்துபோனான். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு நப்கின்தான். மாலையில் மூன்று மணிக்கு ஒன்று. பிறகு மாதவிடாய் அளவில் சில நாளும், கறையாகப் பன்னிரண்டாம் நாள் வரையும் போய் நின்றது.

இவ்வளவும் எதிர்பார்க்க வேண்டியவை. இரத்தம் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்குள் தொடங்கும். மாதவிடாயைவிட அதிகமாகப் போகும். கட்டி கட்டியாகப் போகும். கரு வெளியேறியதும் சில மணி நேரத்தில் தணியும். இரண்டு வாரம்வரை விட்டுவிட்டுப் போகலாம், சிலருக்கு ஒரு மாதம். மிசோப்ரொஸ்டோல் எடுத்த அன்று வரும் காய்ச்சலும் குளிரும் மருந்தின் வேலை. நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படாது.

இனி எல்லை எங்கே என்பதைச் சொல்கிறோம். பெரிய நப்கின் ஒரு மணிக்கு இரண்டு வீதம், அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் முழுதாக நனைந்தால், உடனே ஆஸ்பத்திரி. அந்தச் சகோதரிக்கு அது ஒரு மணி நேரம்தான்; இரண்டாவது மணியில் குறைந்தது. "நிறையப் போகுது" என்று ஒருத்தி சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை நப்கின், எத்தனை மணி நேரத்தில், முழுதாக நனைந்ததா என்று கேளுங்கள். துணி கட்டுபவளிடம் துணியை எத்தனை தரம் மாற்றினாள் என்று கேளுங்கள். எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், எழும்பத் தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மயங்கி விழுந்தாள் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாறாக, இரத்தமே வராததும் அபாய அறிகுறி. இதைப் பலர் அறியார். மிசோப்ரொஸ்டோல் எடுத்து ஒரு நாளாகியும் இரத்தம் இல்லை, அல்லது கறை மாத்திரம் என்றால், கரு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம்; அல்லது கருப்பைக்கு வெளியே, குழாயில் இருக்கலாம். குழாயில் தங்கிய கருவை இந்தக் குளிசைகள் ஒன்றும் செய்யா. அடிவயிற்றில் ஒரு பக்கம் விடாத வலி, தோள்மூட்டில் காரணமில்லாத நோவு, மயக்கம் என்றால் குழாய் வெடித்து உள்ளே இரத்தம் ஓடுகிறது என்று எண்ண வேண்டும். வெளியே நப்கின் காய்ந்திருக்கும். "இரத்தம் குறைவுதானே" என்று ஆறுதல் சொல்லிப் படுக்க வைப்பதுதான் இங்கே உயிரைக் கொண்டுபோகும்.

மூன்றாவது, கிருமித்தொற்று. 24 மணி நேரம் கடந்தும் 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெளியேற்றம், தொட முடியாத வயிற்று நோவு இருந்தால் காட்ட வேண்டும். அரிதாக, காய்ச்சல் இல்லாமலே கடுமையான தொற்று ஏற்படும். ஒரு நாள் கழித்தும் வாந்தி, வயிற்றோட்டம், அளவு மீறிய சோர்வு என்றால் அதையும் காட்ட வேண்டும்.

மறைவாக வாங்கும் குளிசையில் இன்னொரு சிக்கல். அலுமினியத் தாளிலிருந்து பிரித்துக் கடதாசியில் மடித்துத் தருவார்கள். மிசோப்ரொஸ்டோல் ஈரம் பட்டால் வலுவிழக்கும். எங்கள் மாரிகாலக் காற்றே போதும். எடுத்தவள் முடிந்தது என்று நினைப்பாள், வயிறு வளரும். அந்த மருந்துக்குப் பிறகும் கரு தங்கினால் பிள்ளைக்கு அங்கக் குறைபாடு வரும் வாய்ப்புக் கூடும். ஆகவே வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. உதாரணத்தில் சொன்ன சகோதரி மூன்று வாரம் கழித்துக் கொடுத்தனுப்பிய சோதனையைச் செய்து, இல்லை என்று உறுதிசெய்தாள். சாதாரணச் சோதனை நான்கு வாரம்வரை பொய்யாக ஆம் என்று காட்டக்கூடும்.

இரவில் அழைப்பு வந்தால், கடைசி மாதவிடாயின் முதல் நாள், எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, நப்கின் எண்ணிக்கை, ஒரு பக்க வலி, காய்ச்சல், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். திட்டுவதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் 1990 அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். கரவெட்டியில் இருந்து மந்திகை ஆஸ்பத்திரி கிட்டத்தான். கருச்சிதைவு தானாக வந்தாலும் குளிசையால் வந்தாலும் இரத்தப்போக்குக்கான சிகிச்சை ஒன்றே: சேலைன், தேவைப்பட்டால் இரத்தம், உள்ளே எஞ்சியதை அகற்றுதல். "பொலிசுக்குச் சொல்லுவினமோ" என்று அவள் கேட்பாள். சிகிச்சை கொடுப்பது வைத்தியரின் கடமை, அதை மறுக்க முடியாது என்று சொல்லுங்கள். யாராவது ஒருவர் கூடப் போகட்டும்; அவளுடைய இரத்த வகை தெரிந்தால் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.