நீல பம்ப் எத்தனை நாளில் தீர்கிறது?

ஆஸ்துமா உள்ள வீடுகளில் இருக்கும் சால்பூட்டமால் பம்பைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன்.

பெரும்பாலும் ஒரு பம்பில் 200 பஃப் இருக்கும். ஒருவருக்கு அது மாதத்தில் தீர்ந்துவிடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 6, 7 பஃப். அவரோ "மருந்து நல்லா கேட்குது" என்பார்! அது மூச்சுக்குழாய்த் தசையைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே உள்ள அழற்சி அப்படியே இருக்கும். வருஷத்துக்கு மூன்று பம்ப் தாண்டினாலே கடும் இழுப்புக்கான ஆபத்து கூடுகிறது. அதனால்தான் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, 2019 முதல் பெரியவர்களுக்கு சால்பூட்டமால் மட்டும் போதாது, ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும் என்கிறது.

ஸ்டீராய்டு எடுத்தும் அடங்கவில்லையா? டோஸைக் கூட்டுமுன் டாக்டர் எதிரிலேயே இழுத்துக் காட்டுங்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். வாயோரம் புகை கசிந்தால் மருந்து வீண். ஸ்பேசர் போட்டால் இது பெரும்பாலும் சரியாகும். பிறகு வாய் கொப்பளியுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும். மூன்று மாதம் தொல்லை இல்லையென்றால் டாக்டரே டோஸைக் குறைப்பார்.

புகைபிடித்தவர்களுக்கு வரும் சிஓபிடியில் கணக்கு வேறு. அங்கே நீண்ட நேரம் குழாயை விரிக்கும் மருந்துதான் முதலில். ஸ்டீராய்டு சிலருக்கு மட்டும், நிமோனியா வாய்ப்பு கூடும் என்பதால். பக்கத்து வீட்டு பம்பைக் கடன் வாங்காதீர்கள்.